வாட்ஸ்அப் லைவ் லொகேஷன்: 8 மணி நேரத்தை எப்போது தொடங்குவது?

கானாடுகாத்தானில் அப்பத்தா, சென்னையில் பேரன். கண் பரிசோதனைக்காக அப்பத்தா மதுரை வரை காரில் போய்வர வேண்டும். வண்டி எங்கே வருகிறது என்று பேரனுக்குத் தெரிந்தால் போதும், வேலை முடிந்ததும் இடம் காட்டுவது தானாக நின்றுவிட வேண்டும். செட்டிநாட்டுப் பக்கம் பல வீடுகளில் இருக்கும் தேவை இதுதான். இதற்கு வாட்ஸ்அப்பின் லைவ் லொகேஷனை நெடுநாள் பயன்படுத்தியதில், அனுப்பும் வழியைவிட நேரக் கணக்கில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

அனுப்புவது எளிது. பேரனின் சாட்டைத் திறந்து, இணைப்புக் குறியைத் தொட்டு, Location, பிறகு Share live location. 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவுகள் வரும். ஒன்றைத் தேர்ந்து அனுப்ப வேண்டியதுதான். இடையில் வேறு அளவு கிடையாது. பார்க்கிறவரால் நேரத்தை நீட்டவும் முடியாது.

பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை சுமார் 100 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே 1 மணி அளவு பாதி வழியிலேயே முடிந்துவிடும், மீதி இருப்பது 8 மணி. ஆனால் அந்த 8 மணியும் பயணத்துக்கான கணக்கு அல்ல, பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து ஓடும் கணக்கு. காலை 7 மணிக்கு வீட்டு வாசலில் அழுத்தினால் பிற்பகல் 3 மணிக்கு நின்றுவிடும். பரிசோதனை முடிந்து 2 மணிக்கு மதுரையை விட்டுக் கிளம்பினால், மேலூரைத் தாண்டியதும் பேரனின் திரையில் Live location ended என்று வந்து நிற்கும். வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கெடு முடிந்திருக்கும், அவ்வளவுதான். தெரியாதவர்கள் அந்த நேரத்தில்தான் ஓட்டுநருக்குப் போன் மேல் போன் போடுகிறார்கள்.

கிளம்பும்போது மறுபடி அனுப்பினால் ஆயிற்று என்று தோன்றும். கண் பரிசோதனையில் அது நடக்காது. கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரியும். அப்பத்தாவால் திரையைப் படித்து மூன்று இடத்தில் தொட முடியாது. அதனால் சொட்டு மருந்துக்கு அழைப்பதற்கு முன்பே, காத்திருக்கும் நேரத்தில், காலையில் அனுப்பியதை Stop sharing தொட்டு நிறுத்திவிட்டு, புதிதாக 8 மணி அனுப்பிவிட வேண்டும். காலை 10 மணிக்கு அனுப்பினால் மாலை 6 மணி வரை தாங்கும். பரிசோதனை இழுத்துக்கொண்டு போனாலும் கானாடுகாத்தான் வந்து சேரும்வரை வரைபடத்தில் புள்ளி ஓடும். கண் பரிசோதனை என்றில்லை, மயக்க மருந்து கொடுக்கிற எந்தச் சிகிச்சைக்கும் இதே ஒழுங்குதான்.

அடுத்தது, புள்ளி நின்றுபோவதும் கெடு முடிவதும் வேறு வேறு. கெடு முடிந்தால் திரை அதைச் சொல்லிவிடும். கெடு முடியாமல் புள்ளி மட்டும் அசையாமல் இருந்தால், பெயருக்குக் கீழே கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று இருக்கும் வரியைப் பார்க்க வேண்டும். சற்று முன் புதுப்பித்ததாக இருந்து புள்ளி ஒரே இடத்தில் நின்றால் வண்டி உண்மையிலேயே நிற்கிறது, காபி குடிக்க இறங்கியிருக்கலாம். 25 நிமிடத்துக்கு முந்தையது என்றால் வண்டி இப்போது அங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது, போனிலிருந்து தகவல் வரவில்லை. போன் அணைந்துபோனாலும் கடைசிப் புள்ளி கெடு முடியும்வரை வரைபடத்தில் அப்படியே கிடக்கும், அதை நம்பி ஆளைத் தேடக் கூடாது. சிக்னல் இல்லாத துண்டைத் தாண்டி வந்தால் புள்ளி ஒரேயடியாகத் தாவி இப்போதைய இடத்துக்கு வரும். நடுவில் போன பாதையை வாட்ஸ்அப் காட்டாது.

சிக்னல் நன்றாக இருந்தும் அடிக்கடி நின்றால், பெரும்பாலும் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க வாட்ஸ்அப்பைப் பின்னணியில் முடக்குகிறது. திரை அணைந்து சில நிமிடத்தில் நின்று, போனைத் திறந்ததும் ஓடத் தொடங்கினால் காரணம் இதுவே. ஆண்ட்ராய்டில் Settings, Apps, WhatsApp என்று போய், Permissions-இல் Location-ஐத் திறந்து Allow all the time தேர்வு செய்து, Use precise location-ஐயும் இயக்கி வைக்க வேண்டும். பேட்டரிப் பகுதியில் Unrestricted வைக்க வேண்டும். சில கம்பெனிப் போன்களில் இந்தப் பெயர்கள் சற்று மாறும். புள்ளி நகர்ந்தும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியே காட்டினால் Use precise location அணைந்திருக்கிறது என்று பொருள். இதையெல்லாம் பயணத்துக்கு முந்தின வாரமே வீட்டில் செய்து, 1 மணி அளவில் காரைக்குடி வரை போய்வந்து பார்த்துவிடுவது நல்லது. பேட்டரி விரைவாகக் குறையும், அதனால் காரில் சார்ஜர் கட்டாயம்.

அனுப்புவதைக் குடும்பக் குரூப்பில் போடாமல் ஒருவருடைய சாட்டில் மட்டும் போடுங்கள். குரூப்பில் போட்டால் அதில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்கலாம். வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: கெடு முடிந்தாலும், முதலில் அனுப்பிய இடத்தின் சிறு படம் அந்தச் சாட்டில் அப்படியே இருக்கும். பேரனுக்கு என்றால் பரவாயில்லை. முன்பின் தெரியாத வாடகைக் கார் ஓட்டுநருக்கு அனுப்பும்போது மனதில் வைக்க வேண்டியது. யாருக்கெல்லாம் இன்னும் ஓடுகிறது என்பதை Settings, Privacy, Live location-இல் ஒரே பட்டியலாகப் பார்த்து, அங்கேயே நிறுத்தலாம். ஐந்தரை மணிக்கு வீடு வந்துவிட்டால் ஆறு மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்று மணி நேரம் மாதிரி நடு அளவு வேண்டும் என்பவர்களுக்குக் கூகுள் மேப்ஸ் பொருந்தும். சுயவிவரப் படத்தைத் தொட்டு Location sharing-க்குள் போனால் நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அனுப்புகிறவரின் போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்றும் பார்ப்பவருக்குத் தெரியும், முதியவர்கள் விஷயத்தில் இது பெரிய உதவி. ஆனால் பக்கத்திலேயே Until you turn this off என்ற தேர்வும் இருக்கிறது. கை தவறி அதைத் தொட்டால் மாதக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அப்பத்தாவின் கையில் கொடுக்கும் போன் என்றால் தானாகவே நிற்கும் வாட்ஸ்அப்பையே சொல்வேன்.

வண்டி வீடு சேர்ந்தபின் புள்ளி சற்றுக் குழப்பும். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. தடித்த சுவருக்குள் ஜிபிஎஸ் தெளிவாக எடுபடாது. அப்பத்தா இரண்டாங்கட்டில் உட்கார்ந்திருந்தால் புள்ளி பின்தெருவிலோ பக்கத்து வீட்டிலோ நிற்கும். அங்கேயே சுற்றிச் சுற்றி ஆடினால் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே வீட்டிலிருந்து ஓட்டுநருக்கு வழி காட்ட இடம் அனுப்பும்போது மட்டும் முகப்புக்கு வெளியே தெருவில் வந்து நின்று அனுப்புங்கள், இல்லையென்றால் கார் பின்வாசலில் போய் நிற்கும்.