பிரசவ பேக்கேஜ்: 80,000-க்கும் 90,000-க்கும் நடுவே என்ன இருக்கிறது?

முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதால், வளைகாப்பு முடிந்த கையோடு தங்கச்சியைத் திருச்சிக்கு அழைத்து வந்துவிட்டோம். ஆஸ்பத்திரி பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளில் விசாரித்தேன். இரண்டு பேர் தங்கும் அறைக்கு முதலாவதில் நார்மல் 45,000, சிசேரியன் 80,000. இரண்டாவதில் நார்மல் 58,000, சிசேரியன் 90,000. எப்படிப் பார்த்தாலும் முதலாவதில் பத்தாயிரமாவது மிச்சம் என்று அப்பா சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகுதான் எத்தனை நாள் என்று கேட்டேன். முதலாவதில் நார்மலுக்கு 2 நாள், சிசேரியனுக்கு 3 நாள். இரண்டாவதில் 3 நாள், 4 நாள். ஒரு நாள்தானே என்று விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் பச்சைக் குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் ஏறும். நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும் நேரத்தில் பேக்கேஜ் நாள் முடிந்திருக்கும், அறை வாடகை அன்றிலிருந்து தனியாக ஓடும்.

அடுத்து நான் கேட்டது, யாரும் தாமாகச் சொல்லாத விஷயம். நார்மலுக்கு வலி எடுத்து, பல மணி நேரம் பார்த்துவிட்டுக் கடைசியில் சிசேரியன் ஆனால் என்ன கணக்கு? இரண்டாவதில் சிசேரியன் பேக்கேஜ் மட்டும்தான் என்றார்கள். முதலாவதில் பிரசவ அறைக்கும் அதுவரை கவனித்ததற்கும் தனியாக 12,000, அதன்மேல் சிசேரியன் பேக்கேஜ். அங்கேயே பத்தாயிரம் மிச்சம் கரைந்துவிட்டது. தலைப்பிரசவத்தில் இப்படி மாறுவது அபூர்வமில்லை, அதனால் நார்மல் விலை, சிசேரியன் விலை இரண்டோடு இந்த மூன்றாவது விலையையும் கேட்டு, கொடுத்த தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, குழந்தையின் பில். பிறந்ததும் குழந்தைக்குத் தனி ஐ.பி. நம்பர் போடுவார்கள். பேக்கேஜ் என்பது அம்மாவுக்கு மட்டும்தான், பல இடங்களில் அப்படித்தான். குழந்தை டாக்டர் வந்து பார்ப்பது, பிறந்ததும் போடும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி, காது கேட்கும் திறன் பரிசோதனை எல்லாம் இரண்டாவதில் உள்ளடக்கம், முதலாவதில் வெளியே. பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு. இரண்டிலுமே வெளியேதான். அதற்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு, அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா, இல்லை குழந்தையை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா என்று கேட்காமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

கடைசியில் இரண்டாவதில்தான் சேர்த்தோம். பதினாலு மணி நேரம் வலி, பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று சிசேரியன். தங்கச்சிக்கு நெகட்டிவ் ரத்தம், குழந்தைக்குப் பாசிட்டிவ், அதனால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும், அது 3,200. மூன்றாம் நாள் குழந்தையின் கண் மஞ்சளாகத் தெரிந்தது. இரண்டு நாள் விளக்கு வைத்ததற்கு 7,000, ரத்தப் பரிசோதனைகள் 1,050, கூடுதலாக ஒரு நாள் அறை 2,800. எல்லாம் சேர்ந்து 1,04,050 வந்தது.

அதே ஐந்து நாளை முதலாவதின் கட்டணத்தில் போட்டுப் பார்த்தேன். 80,000-ஓடு பிரசவ அறை 12,000, குழந்தை டாக்டர் ஐந்து தடவை வந்ததற்கு 3,000, தடுப்பூசியும் காதுப் பரிசோதனையும் 3,500, கூடுதல் அறை இரண்டு நாளுக்கு 5,000. ஊசி, விளக்கு, ரத்தப் பரிசோதனை இரண்டு இடத்திலும் ஒரே செலவு என்று வைத்துக்கொண்டால் 1,14,750. தாளில் பத்தாயிரம் குறைவாக இருந்த இடம், பில்லில் பத்தாயிரத்துக்கு மேல் கூடுதல்.

இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பாலிசியில் அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு 3,000 வரம்பு இருந்து, நீங்கள் 6,000 அறையில் தங்கினால், பல பாலிசிகளில் வாடகையோடு நிற்காமல் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணத்தையும் பாதியாக வெட்டிவிடுவார்கள்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் அரசு மருத்துவமனையில் நார்மல், சிசேரியன் இரண்டுமே இலவசம். மருந்து, ரத்தம், சாப்பாடு, பிறந்த குழந்தைக்கான சிகிச்சை வரை 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் அடக்கம்.

முதலாவது ஆஸ்பத்திரியை மோசம் என்று சொல்லவில்லை. முதல் குழந்தை நார்மலில் பிறந்து, இப்போது இரண்டாவது, சிக்கல் எதுவும் இல்லை என்றால் நானே அங்கேதான் போகச் சொல்வேன். அந்த 45,000 அப்படிப்பட்டவர்களுக்கு நியாயமான விலைதான், காமாலை பார்க்க நான்காம் நாள் குழந்தையை ஒரு தடவை திரும்பத் தூக்கி வர வேண்டும், அவ்வளவுதான்.