மூட வேண்டியது நடு டிப்போ, தெற்கு அல்ல

சார், தெற்கு டிப்போதான் சின்னது, லோடும் அங்கேதான் குறைவு, அதை மூடினால் என்ன என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். மாடலை ஓட்டிப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது மூடச் சொல்வதோ நடு டிப்போவை.

மூன்று டிப்போக்களின் இன்றைய ஆண்டுச் செலவை மொத்தமாக 1000 பங்கு என்று வைத்துக்கொள்வோம். தெற்கை மூடினால் வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 110 பங்கு மிச்சம். ஆனால் அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு வேறு டிப்போ எதுவும் அருகில் இல்லை, நடுவிலிருந்து வண்டி போய்த் திரும்பினால் ஒரு நாளில் இரண்டு டிரிப் என்பது ஒன்றாகிவிடும், அதனால் டெலிவரிச் செலவு 128 ஏறுகிறது. அதாவது 18 பங்கு நஷ்டம்.

நடு டிப்போவின் கதை வேறு. வடக்கிலிருந்து கிளம்பும் வண்டிகள் இப்போதே அதன் வாசல் வழியாகத்தான் பாதி காலியாகப் போகின்றன, தெற்கு வண்டிகளும் அந்த எல்லைவரை வருகின்றன. அதனால் வாடிக்கையாளர்களை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் டெலிவரி 62 மட்டுமே கூடுகிறது, சரக்கை மூன்று இடத்துக்குப் பதில் இரண்டு இடத்துக்கு அனுப்புவதில் 10 குறைகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்குப் பிரிவின் அறிக்கையில் நடு டிப்போவின் நிலைச்செலவு 150 என்று இருக்கும், ஆனால் அதில் 30 தலைமை அலுவலகச் செலவின் பங்கு. டிப்போவை மூடினாலும் அது போகாது, மற்ற இரண்டின் தலையில் ஏறும், அவ்வளவுதான். அதனால் 120 மட்டும் எடுத்தேன். 120 கழித்தல் 62, கூட்டல் 10, ஆக ஆண்டுக்கு 68 பங்கு மிச்சம். முதலில் நேர்க்கோட்டுத் தூரத்தை வைத்து ஓட்டியபோது டெலிவரி உயர்வு 51 என்றுதான் வந்தது. சாலைத் தூரத்தைப் போட்ட பிறகே 62 ஆனது, இதைத்தான் நம்புகிறேன்.

வடக்கை மூடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், மற்ற இரண்டிலும் இடம் போதாது.

மூடுவதற்கான ஒருமுறைச் செலவு, பணியாளர்களுக்கான இழப்பீட்டையும் மீதி வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்து, 85. சுமார் 15 மாதத்தில் திரும்ப வந்துவிடும். இழப்பீட்டில் கை வைத்து இந்தக் காலத்தைக் குறைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எனக்குக் கவலை தெற்கின் கொள்ளளவுதான். மாடல் சராசரி வாரத்தை வைத்தே கணக்கிடுகிறது. உச்ச மாதத்தைத் தனியாக ஓட்டினால் அங்கே 91 சதவீதம் நிரம்புகிறது. அப்புறம் அதன் லோடு இன்னும் 10 சதவீதம் வளர்ந்தாலே வெளியே இடம் வாடகைக்கு எடுக்க நேரும், அந்த வாடகை 68-இலிருந்துதான் போக வேண்டும்.

ஆகவே ஒப்பந்தத்தை முறிக்கும் முன், இரண்டு வாரம் நடுவின் ஆர்டர்களை மற்ற இரண்டிலிருந்தும் அனுப்பிப் பார்க்கலாம். வண்டிகள் திரும்பும் நேரத்தையும் அன்றே போய்ச் சேராத ஆர்டர்களையும் குறித்து வைத்தால், 62 சரியா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.