கனவா, இரட்டையா: செத்த ஆளைத் திருப்பிக் கொண்டாற வழி

எங்கட கிளிநொச்சிப் பக்கம் பின்னேரம் நாடகம் பாக்கிற சனத்துக்கு செத்தவர் திரும்பி வாறது புதுசில்ல, ஆனா எப்பிடி வாறார் எண்டதில தான் கோவமே. கனவு எண்டு சொல்லுறது ஆக மோசம். அமெரிக்காவின்ர டலஸ் தொடர்ல பொபி எண்ட முக்கிய ஆள் 1985ல சாகிறார், 1986ல அவரின்ர முந்தின மனுசி பாம் நித்திரையால எழும்ப அவர் குளிச்சுக்கொண்டு நிக்கிறார், முழு சீசனும் அவவின்ர கனவாம். அந்த வருசம் மற்றவை பட்ட பாடு, பாம் வேற ஆளைக் கட்டினது எல்லாம் அழிஞ்சு போச்சு. அதோட கிளைத் தொடர் நொட்ஸ் லேண்டிங்கில பொபி செத்தது செத்ததாவே இருந்திச்சு, அதால ரெண்டு கதையும் பொருந்தேல்ல.

இரட்டைச் சகோதரம் எண்டா செத்தவர் செத்தவர்தான், நாங்கள் அழுததும் வீணில்ல, நடிகரும் திரும்ப வாறார். ஆனா பிறந்த கதை, பிரிஞ்ச பிள்ளை எண்டு முன்னமே ஒரு வார்த்தை போட்டிருக்கோணும், செத்தாப் பிறகு திடீரெண்டு இறக்கினா அம்மாமாரே உடன கண்டுபிடிச்சிடுவினம்.

சாகேல்ல, ஞாபகம் தான் போனது எண்டு கொண்டாறது ரெண்டுக்கும் நடுவில, சடலத்தைக் காட்டாம விட்டிருந்தா மட்டும் நம்பலாம். எனக்கெண்டா இரட்டைதான்.