பிக்சல் ஷஃபிள், பெர்செப்சுவல் லாஸ்: பழைய படங்களை 4 மடங்கு பெரிதாக்கிப் பழகியதில் தெரிந்தவை

பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்த சின்னப் படங்கள், குறைந்த தரத்தில் ஸ்கேன் செய்த குடும்ப ஆல்பம். இவற்றைப் பெரிதாக்குவதற்காக ஒரு சூப்பர் ரெசல்யூஷன் மாடலைப் பைடார்ச்சில் நானே பயிற்சி செய்து, சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அமைப்பு புதிதல்ல. 16 ரெசிடுவல் பிளாக், அதன் பின் 2 மடங்கு பிக்சல் ஷஃபிள் இரண்டு முறை, அவ்வளவுதான். முதலில் எல்1 லாஸில் பயிற்சி, பிறகு விஜிஜி-16 வழியாகப் பெர்செப்சுவல் லாஸ். பிக்சல் ஷஃபிள், பெர்செப்சுவல் லாஸ் இரண்டையும் இன்னும் விடவில்லை. ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தொல்லை இருக்கிறது.

பிக்சல் ஷஃபிள் 2016-இல் ஷி குழுவினரின் கட்டுரையில் வந்தது. அதற்கு முன் பலரும் படத்தை முதலில் பைகியூபிக்கில் பெரிதாக்கிவிட்டு, அந்தப் பெரிய படத்தின் மேல்தான் கன்வல்யூஷன்களை ஓட்டினார்கள். 4 மடங்கு என்றால் 16 மடங்கு பிக்சல்களுக்குக் கணக்கு. பிக்சல் ஷஃபிளில் வேலை பெரும்பாலும் சின்னப் படத்திலேயே நடக்கிறது. கடைசியில் ஒரு கன்வல்யூஷன் 64 சேனலை 256 ஆக்கும்; அதில் நான்கு நான்காக எடுத்து 2×2 கட்டத்தில் அடுக்கினால் இரு மடங்கு அகல உயரத்தில் மறுபடி 64 சேனல். புதிதாக எதையும் கணக்கிடுவதில்லை, இடம் மாற்றுவதுதான். சாதாரண ஜிபியுவில் இது ஓடுவதற்கு இதுவே காரணம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் நான்கும் நான்கு தனித்தனி ஃபில்டர்களிலிருந்து வருகின்றன. அந்த ஃபில்டர்கள் ஆரம்பத்தில் ரேண்டமாக இருப்பதால், வெறும் வானத்தில்கூட மெல்லிய சதுரங்கக் கட்டம் தெரியும். 2017-இல் ஐட்கன் குழுவினர் சொன்ன ஐசிஎன்ஆர் இதற்கான மருந்து: நான்கு ஃபில்டர்களுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துத் தொடங்குவது.

```python
def icnr_(w, r=2):
    o, i, h, k = w.shape
    s = torch.empty(o // r**2, i, h, k)
    nn.init.kaiming_normal_(s)
    w.data.copy_(s.repeat_interleave(r**2, dim=0))
```

`repeat_interleave` இருக்கும் இடத்தில் வெறும் `repeat` போட்டால் சேனல் வரிசை மாறிவிடும், பலன் இருக்காது. பயாஸையும் சுழியமாக்கிவிடுங்கள்.

கட்டம் இருக்கிறதா என்று கண்ணால் தேடுவதை நான் விட்டுவிட்டேன். ஒரே சாம்பல் நிறப் படத்தை உள்ளே கொடுத்து, வெளிவருவதை 4×4 இடவாரியாகச் சராசரி எடுத்தால் போதும். ஓரங்களில் பேடிங்கின் பாதிப்பு இருக்கும் என்பதால் அவற்றை வெட்டிவிடுகிறேன்.

```python
model.eval()
with torch.no_grad():
    y = model(torch.full((1, 3, 192, 192), 0.5))
y = y[..., 160:-160, 160:-160]
for i in range(4):
    print([round(y[0, 0, i::4, j::4].mean().item(), 4)
           for j in range(4)])
```

16 எண்களும் ஒன்றாக இருந்தால் சரி. வித்தியாசம் இருந்தால் அது மாடல் சேர்த்த கட்டம்தான், ஏனென்றால் கொடுத்த படத்தில் எதுவுமே இல்லை.

ஐசிஎன்ஆர் போட்ட மாடலில் பயிற்சிக்கு முன் 16-உம் ஒன்றாக வரும். எல்1 லாஸில் ஓட்டிய பிறகும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பெர்செப்சுவல் லாஸுக்கு மாற்றியதும் எண்கள் பிரிய ஆரம்பித்தன. அதாவது, கட்டத்துக்கு இரண்டாவது ஊற்று ஒன்று இருக்கிறது.

அது விஜிஜியின் மேக்ஸ் பூலிங். இந்த லாஸ் பிக்சல்களை நேரடியாக ஒப்பிடுவதில்லை; நம் படத்தையும் அசலையும் விஜிஜிக்குள் அனுப்பி, நடு அடுக்குகளில் வரும் ஃபீச்சர்களை ஒப்பிடுகிறது. மேக்ஸ் பூலிங் ஒவ்வொரு 2×2 கட்டத்திலும் பெரிய மதிப்பை மட்டும் மேலே அனுப்பும். கிரேடியன்ட் திரும்பி வரும்போதும் அந்த ஒரு இடத்துக்கு மட்டுமே போகும், மற்ற மூன்றுக்கும் ஒன்றும் கிடையாது. `relu4_3` வரை போனால் இப்படி மூன்று பூலிங். விஜிஜியின் பூலிங் கட்டமும் நம் பிக்சல் ஷஃபிள் கட்டமும் பயிற்சித் துண்டின் ஒரே மூலையிலிருந்து தொடங்குவதால், இரண்டும் ஒவ்வொரு முறையும் மிகச் சரியாகப் பொருந்துகின்றன. நான்கு ஃபில்டர்களில் சில அதிகம் கற்கின்றன, சில குறைவாக. ஐசிஎன்ஆர் தொடக்கத்தைச் சமப்படுத்தலாம், பயிற்சி முழுக்கக் காவல் இருக்க முடியாது.

எனக்குப் பலன் தந்த வைத்தியம் எளிது. விஜிஜிக்குள் அனுப்பும் முன் நம் படத்தையும் அசலையும் 0 முதல் 7 பிக்சல் வரை ஏதாவதொரு அளவு நகர்த்தி வெட்டுகிறேன். இரண்டுக்கும் ஒரே நகர்வு, ஒவ்வொரு பேட்சுக்கும் வேறு நகர்வு. கட்டங்கள் பொருந்துவது நின்றுவிடும். கூடவே எல்1-ஐ முழுதாக நீக்காமல், `relu2_2`-க்கும் கணிசமான எடை கொடுக்கிறேன். ஆழமான அடுக்கை மட்டும் நம்பினால் கட்டம் மட்டுமல்ல, தோலின் நிறமும் மெல்ல விலகும். ஷஃபிளுக்குப் பின் 2×2 சராசரி எடுக்கும் வழியும் உண்டு. கட்டம் போகும், ஆனால் முடியும் இலையும் கொஞ்சம் மழுங்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

இடையில் ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் வந்த ஈஎஸ்ஆர்கான் கட்டுரை, ஆக்டிவேஷனுக்கு முந்தைய ஃபீச்சர்களை எடுக்கச் சொல்கிறது. ஆழத்தில் ரெலுவுக்குப் பின் பெரும்பாலான மதிப்புகள் சுழியமாகிவிடுவதால் மாடலுக்குக் கிடைக்கும் பாடம் மெலிந்துவிடுகிறது என்பது காரணம். அதைப் படித்து டார்ச்விஷன் விஜிஜியின் கன்வல்யூஷனில் ஹுக் போட்டால், அடுத்த ரெலு `inplace=True` என்பதால் நீங்கள் பிடித்து வைத்த டென்சரையே அது மாற்றி எழுதிவிடும். எர்ரர் எதுவும் வராது. ஃபீச்சரின் `min()` பாருங்கள். எதிர்மறை எண்ணே இல்லையென்றால் இதுதான் நடந்திருக்கிறது. ஹுக்கிலேயே `clone()` செய்தால் தீரும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? எல்1 ஒரு மங்கலுக்குப் பொருந்தக்கூடிய எல்லா விடைகளுக்கும் நடுவில் நிற்பதால் ஜரிகை, தலைமுடி, தென்னங்கீற்று எல்லாம் வழவழவென்று ஆகிவிடும். பெர்செப்சுவல் லாஸ் அவற்றில் ஏதோ ஒரு விடையைத் துணிந்து எடுக்கிறது. பட்டுச்சேலைக் கரையில் இழை தெரிகிறது, வேப்பமரம் மரமாகத் தெரிகிறது. அசலோடு பிக்சல் நெருக்கத்தை அளக்கும் பிஎஸ்என்ஆர் குறையும், அதற்காகப் பதற வேண்டாம். 2018-இல் பிளௌவும் மிகேலியும் காட்டியபடி, அசலுக்கு நெருக்கம், இயல்பான தோற்றம் இரண்டையும் ஓர் எல்லைக்கு மேல் ஒருசேரக் கூட்ட முடியாது.

துணிச்சல் எழுத்தில் ஆபத்தாகிறது. ஒரு படத்தில் பின்னணியில் கடைப்பலகை, எழுத்தின் உயரம் சுமார் 8 பிக்சல். அந்த அளவில் 'ன'வுக்கும் 'ண'வுக்கும் உள்ள ஒரு சுழி வித்தியாசம் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும், புள்ளி பல இடங்களில் அறவே இல்லை. எல்1 மாடல் அதை மங்கலாகவே விட்டது. பெர்செப்சுவல் மாடலோ கூர்மையான, படிக்கத் தூண்டுகிற, தவறான எழுத்துகளை வரைந்து கொடுத்தது. விஜிஜி இமேஜ்நெட்டின் நாய், பறவை, வண்டிகளில் படித்தது. சுழி இரண்டா மூன்றா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குழுப் படத்தில் பின்வரிசை முகங்களும் இப்படித்தான்: கண் வரும், அது அந்த ஆளின் கண்ணாக இருக்காது.

அதனால் பத்திரம், கடிதம், பலகை என்றால் எல்1 எடைகளையே ஓட்டுகிறேன். மற்ற படங்களுக்கு, எல்1 மாடலிலிருந்தே தொடர்ந்து பயிற்சி செய்த பெர்செப்சுவல் எடைகளோடு அதைக் கலந்து பயன்படுத்துகிறேன், ஈஎஸ்ஆர்கான் கட்டுரை சொல்லும் இன்டர்பொலேஷன்தான். மரம், துணி அதிகமுள்ள படத்துக்குப் பெர்செப்சுவல் பங்கு 0.8, முகங்கள் சிறிதாக உள்ள படத்துக்கு 0.3. கலந்த பிறகும் அந்தச் சாம்பல் படச் சோதனையை ஒருமுறை ஓட்டிவிடுகிறேன்.