36-க்கு 18 எட்டவில்லை என்று கலங்கியிருக்கும் தம்பிக்கு: ஆறாண்டுப் பயன்பாட்டில் நான் கண்டது

தம்பி, திருமணப் பொருத்தச் செயலியில் 36 குணங்களுக்குக் குறைந்தது வர வேண்டிய 18 மதிப்பெண் வரவில்லை என்று கலங்குகிறீர்கள். வீட்டில் மூன்று பேருக்கு வரன் பார்த்த வகையில், இலவசப் பொருத்தச் செயலி ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அது நட்சத்திரத்தைச் சரியாகவே கணிக்கிறது. ஆனால் நாம் கொடுக்கும் தேதியை அப்படியே நம்பிக் கணிக்கிறது. எங்கள் வீட்டில் பிழை அங்கேதான் நுழைந்தது.

என் தம்பி பிறந்த இரவில் அப்பா பாம்பனிலிருந்து கடலுக்குப் போயிருந்ததால், பாட்டிதான் நோட்டில் ‘செவ்வாய் இரவு 12.40’ என்று குறித்து வைத்தார். நம் வழக்கில் சூரியன் உதிக்கும் வரை முந்தைய கிழமையே நீடிக்கும். ஆங்கிலக் கணக்கில் அந்த நேரம் புதன்கிழமை அதிகாலை ஆகிவிடுகிறது. நாங்கள் செவ்வாய்க்கிழமையின் தேதியோடு 12:40 AM என்று பதிந்ததால், பிறப்பு முழுதாக 24 மணி நேரம் பின்னுக்குப் போனது. சந்திரன் ஏறத்தாழ ஒரு நாளில் ஒரு நட்சத்திரத்தைக் கடப்பதால், மிருகசீரிடம் முதல் பாதத்தில் பிறந்தவனைச் செயலி ரோகிணி என்று காட்டியது.

பெண்ணுக்குச் சுவாதி. ரோகிணியும் சுவாதியும் ஒரே கண்ட ரஜ்ஜு என்பதால் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. ஒன்றுக்கொன்று ஆகாத வேதை நட்சத்திரங்களும் கூட. நாடியும் ஒன்றாகிவிடுவதால் அதற்குரிய 8 மதிப்பெண்ணும் போய்விட்டது. மொத்தம் 18-க்குக் கீழே இறங்க, அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தேதியைத் திருத்தியதும் ரஜ்ஜு சிரசுக்கு மாறியது, வேதை நீங்கியது, நாடிக்கு 8 முழுதாகக் கிடைத்தது. மொத்தமும் 18-ஐத் தாண்டியது.

அதன் பின்னும் ராசிக் கூட்டத்துக்கு 7-க்கு 0 என்றே நின்றது. ரிஷபமும் துலாமும் ஆறுக்கு எட்டாக அமைவதால் வந்த சஷ்டாஷ்டகம் அது. இரண்டு ராசிக்கும் சுக்கிரனே அதிபதி என்பதால் இந்தத் தோஷம் விலகும் என்று எங்கள் ஜோதிடர் சொன்னார். நான் பயன்படுத்தும் செயலி அந்த விலக்கைப் பார்ப்பதே இல்லை, இது என் நெடுநாள் மனக்குறை.

ஆகவே, தேவிபட்டினம் நவபாஷாணத்தில் பரிகாரத்துக்கு நாள் பார்ப்பதற்கு முன்னால், செயலி உங்கள் இருவருக்கும் காட்டும் நட்சத்திரத்தையும் பாதத்தையும் கையெழுத்து ஜாதகத்தோடும், தேதியைப் பிறப்புச் சான்றிதழோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் பிறந்தவர் என்றால் இது மிக அவசியம். இந்தியாவுக்குள்ளேயே பிறந்த ஊரைத் தவறாகக் கொடுத்திருந்தால் லக்னம் மாறலாம். ஆனால் இந்த மதிப்பெண் சந்திரனை மட்டுமே கொண்டு போடப்படுவதால் அதில் பெரும்பாலும் மாற்றம் வராது.

நட்சத்திரம் சரியாகவே இருந்தால், அமைப்புகளில் வடநாட்டு 36 குண முறையை விட்டு நம் பத்துப் பொருத்தத்துக்கு மாற்றி, ரஜ்ஜுவும் வேதையும் எப்படி இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். அவை இரண்டும் பொருந்தியிருந்தால், அந்தப் பக்கத்தையும் இரு ஜாதகங்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் குடும்ப ஜோதிடரிடம் போங்கள். செவ்வாய் தோஷத்தையும் தசா சந்திப்பையும் அந்த 36-க்குள் எங்கும் பார்ப்பதில்லை.