பேக்ஃபிளஷா, கையால் இஷ்யூவா? 6 வருடம் இரண்டையும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை அசெம்பிள் செய்யும் தொழிற்சாலையில் ப்ரொடக்‌ஷன் பிளானிங், ஸ்டோர் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். கணினியில் இருப்பது எஸ்ஏபி மென்பொருள். முதல் 3 வருடம் ஒவ்வொரு ப்ரொடக்‌ஷன் ஆர்டருக்கும் பொருளைக் கையால் இஷ்யூ செய்தோம். அடுத்த 3 வருடமாக பேக்ஃபிளஷ். அதாவது, இத்தனை பெட்டி முடிந்தது என்று கன்ஃபர்மேஷன் போட்டதும், ஒரு பெட்டிக்கு எந்தப் பொருள் எவ்வளவு என்று சொல்லும் பிஓஎம் பட்டியலின் கணக்குப்படி உதிரிப் பொருட்கள் ஸ்டாக்கிலிருந்து தானாகவே கழிந்துவிடும். இரண்டு முறையிலும் விழுவது ஆர்டருக்குப் பொருளைக் கழிக்கும் அதே 261 மூவ்மென்ட்தான். யார் போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கையால் இஷ்யூ செய்தால் கணக்கு துல்லியமாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். ஒருநாள் ஸ்டோரில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஆர்டரின் பிக் லிஸ்ட் அச்சாகி வரும். அதில் 480 மீட்டர் வயர் என்று இருந்தால், ஸ்டோர்காரர் 100 மீட்டர் சுருள்கள் 5 எடுத்துக் கொடுப்பார். கணினியில் 480 என்று பதிவு செய்வார். மீதி 20 மீட்டர் திரும்பி வரும் என்பது பேச்சு. வராது, லைனோடு போய்விடும்.  பிக் லிஸ்டில் உள்ள எண்ணையே அப்படியே தட்டச்சு செய்தால் அது கையால் செய்யும் பேக்ஃபிளஷ்தானே? அந்த வேலைக்கு ஒரு ஷிஃப்டுக்கு ஒருவர் முழுநேரமும் செலவானார். பேக்ஃபிளஷுக்கு மாற நான் சம்மதித்ததற்கு இதுதான் காரணம்.

மாறிய முதல் மாதம் நிம்மதியாகப் போனது. இரண்டாம் மாதக் கடைசியில் வயர் வெட்டும் இயந்திரம் நின்றது. கணினியில் 350 மீட்டர் ஸ்டாக் காட்டியது. ராக்கில் எண்ணிப் பார்த்தால் 62 மீட்டர்தான். 288 மீட்டர் எங்கே போனது? திருட்டு என்று ஒருவர் சொன்னார், எண்ணியதில் தப்பு என்று இன்னொருவர். நான் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வெட்டும் மேஜையருகே போய் நின்றேன்.

பிஓஎம்மில் ஒரு பெட்டிக்கு 1.20 மீட்டர் என்று இருந்தது. அது வரைபடத்திலிருந்து எடுத்த நீளம். இயந்திரம் வெட்டியதோ 1.24 மீட்டர், இரண்டு முனையிலும் 2 செ.மீ. கூடுதலாக. டெர்மினல் அடிக்கும் முன் அந்தக் கூடுதலை நறுக்கிவிடுகிறார்கள். அதோடு, சுருள் முடியும்போது ஒரு பெட்டிக்குப் போதாத துண்டு மிஞ்சும். புதுச் சுருளை ஏற்றியதும் நீளம் சரியா என்று பார்க்க ஒரு துண்டு வெட்டுவார்கள். இவற்றைப் பங்கிட்டால் பெட்டிக்கு இன்னொரு 2 செ.மீ. ஆக, உண்மையில் போவது 1.26 மீட்டர். ஆர்டருக்கு 400 பெட்டி என்றால் 24 மீட்டர் கணக்கில் வராமல் போகிறது. மாறிய பிறகு ஓடிய ஆர்டர்கள் 12. பெருக்கிப் பார்த்தேன்: 288.

எண் அவ்வளவு சரியாக வந்து நின்றபோது எனக்குக் கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது. அந்த 1.20 பல வருடமாகவே தப்பாகத்தான் இருந்திருக்கிறது. முன்பு முழுச் சுருளாகக் கொடுத்து, திரும்பாமல் விட்டதால் லைனுக்கு எப்போதும் கொஞ்சம் வயர் கூடுதலாகவே போனது; தப்பு அதில் மறைந்துபோனது. பேக்ஃபிளஷில் ஒளிய இடமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆர்டரின் செலவு அறிக்கையைப் பார்த்தால் இது கடைசிவரை தெரியவே தெரியாது. கழித்ததே பிஓஎம் அளவைத்தான் என்பதால், திட்டமிட்டதும் செலவானதும் அங்கே கச்சிதமாகப் பொருந்தி நிற்கும். வித்தியாசம் வெளியே வருவது ஸ்டாக் எண்ணும்போது மட்டும்தான். அதனால் பேக்ஃபிளஷுக்கு மாறுகிறவர்கள் சைக்கிள் கவுண்ட்டைக் குறைக்கவே கூடாது. நாங்கள் வேகமாக ஓடும் பொருட்களை வாரம் ஒருமுறை எண்ணுகிறோம்.

எண்ணும்போது வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஒரே பொருள் ஒவ்வொரு முறையும் குறைவாகவே வந்தால், அல்லது கூடுதலாகவே வந்தால், பிஓஎம் அளவில்தான் பெரும்பாலும் கோளாறு. ஒருமுறை கூடி, மறுமுறை குறைந்தால் கன்ஃபர்மேஷன் தாமதமாக விழுகிறது, அல்லது எண்ணுவதில் தப்பு. பிஓஎம் தப்பாக இருக்கும்போது ஸ்டாக்கை மட்டும் சரிசெய்தால் அடுத்த மாதமும் அதே வித்தியாசம் வந்து நிற்கும். நாங்கள் பிஓஎம் அளவை 1.24 ஆக்கி, சுருள் கழிவுக்காக 1.6 சதவீதம் உதிரிப் பொருள் ஸ்க்ராப் சேர்த்தோம். இரண்டையும் தனித்தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நீளமான சுருள் வாங்கினால் கழிவு சதவீதம் மட்டும் மாறும். முனையில் நறுக்குவது மாறாது.

அடுத்த தலைவலி COGI, அதாவது கழிக்க முடியாமல் நின்றுபோன பதிவுகளின் பட்டியல். கன்ஃபர்மேஷன் போடும்போது கழிக்கவேண்டிய பொருள் லைனின் ஸ்டோரேஜ் லொகேஷனில் இல்லையென்றால், பெட்டி முடிந்ததாகப் பதிவாகிவிடும். உதிரிப் பொருள் மட்டும் கழியாமல் இந்தப் பட்டியலில் போய் உட்காரும். லைனில் வேலை செய்பவருக்கு எதுவும் தெரியாது. எங்களிடம் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஸ்டோரிலிருந்து பொருள் லைனுக்குப் போய்விட்டது, ஆனால் அந்த இடமாற்றத்துக்கான 311 மூவ்மென்ட் பதிவாகவில்லை. அதைப் போட்டுவிட்டு COGI-யில் மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். ஆரம்பத்தில் ஒருவர் பட்டியலைக் காலியாக்குவதற்காக லைன் லொகேஷனில் ஸ்டாக்கைக் கூட்டிப் போட்டார். பட்டியல் காலியானது, ஆனால் ஸ்டோரில் அதே பொருள் இன்னும் இருப்பதாகக் கணினி சொன்னது. பிளானிங் அதை நம்பி வாங்காமல் விட்டது. இன்னும் மோசமானது, பட்டியலில் உள்ள வரியையே அழிப்பது. அழித்தால் அந்தச் செலவு எங்கேயும் பதிவாகாது. இப்போது COGI-யைப் பார்ப்பது என் காலை வேலையில் முதல் வேலை. மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் கணக்குக் காலம் மூடிவிடும், அப்புறம் தேதியை மாற்றக் கணக்குப் பிரிவிடம் போய் நிற்க வேண்டும்.

ஸ்க்ராப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 100 பெட்டி நல்லது, 4 கெட்டது என்றால் கன்ஃபர்மேஷனில் இரண்டையும் போட வேண்டும். அப்போதுதான் 104-க்கு உதிரிப் பொருள் கழியும். மேற்பார்வையாளர் 4-ஐ மறைத்தால் அந்த அளவு ஸ்டாக்கில் பேயாக நிற்கும். அங்கே 4 என்று போட்டுவிட்டு, அதே உதிரிப் பொருட்களை ஸ்டோரில் ஸ்க்ராப்புக்கான 551 மூவ்மென்ட்டிலும் கழித்தால் இரண்டு முறை போய்விடும். எங்களிடம் இரண்டுமே நடந்திருக்கிறது.

எல்லாவற்றையும் பேக்ஃபிளஷில் விடவில்லை. மெயின் சர்க்யூட் போர்டை இன்றும் கையால்தான் இஷ்யூ செய்கிறோம். அதற்கு பேட்ச் எண் உண்டு. எந்த பேட்ச் எந்த ஆர்டருக்குப் போனது என்று பின்னால் கேட்பார்கள். பேக்ஃபிளஷ் கணினி விதிப்படி பழைய பேட்சைத் தேர்ந்தெடுத்துக் கழிக்கும். ஆள் கையில் எடுத்தது வேறாக இருக்கலாம். ஸ்டாக் அளவு சரியாக இருக்கும், தடம் தப்பாக இருக்கும். இந்த ஒரு பொருளுக்கு ஸ்கேன் செய்து இஷ்யூ போட பெட்டிக்குச் சில வினாடிதான் ஆகிறது.

மறுவேலை ஆர்டர்களும் கையால்தான். பிரித்த பிறகுதான் எந்தப் பொருள் வேண்டும் என்றே தெரியும்; அதற்கு நிலையான பிஓஎம் எழுதிப் பார்த்தோம், ஒரே வாரத்தில் ரிலே ஸ்டாக் குழம்பியது. விட்டுவிட்டோம்.

நீண்ட ஆர்டர்களுக்கு ஷிஃப்ட் முடியும்போதெல்லாம் பகுதி கன்ஃபர்மேஷன் போட வைத்தது கடைசியாகச் செய்த மாற்றம். அதற்கு முன் 3 நாள் ஓடும் ஆர்டரில் வயர் தீர்ந்தே போயிருக்கும், கணினியில் முழுதாக இருக்கும். இப்போது இடைவெளி ஒரு ஷிஃப்ட் அளவுக்குத்தான். போன மாத எண்ணிக்கையில் அந்த வயரில் வித்தியாசம் 9 மீட்டர்.