மாஸ்டரின் கொப்பியில் ஒரு கோடு: மூன்று வருட மழைத் தரவு அனுபவம்

கிளிநொச்சியில் இருக்கும் நண்பன் போன கிழமை கேட்டான்: "உங்கட விவசாய ஆலோசனை டேட்டாபேஸுக்கு வானிலையை எங்கேயிருந்து எடுக்கிறியள்? காசு கட்ட வேணுமோ?" வாட்ஸப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முன்னறிவிப்புக்கு நான் மூன்று வருடமாக ஓபன்-மீட்டியோ என்ற இணைய வானிலைச் சேவையைப் பாவிக்கிறேன். வணிக நோக்கம் இல்லையென்றால் இலவசம், சாவி வாங்கத் தேவையில்லை, ஒரு முகவரியை அழைத்தால் பதில் வந்துவிடும். அதில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. தலையிடி எல்லாம் அளந்த மழையில்தான். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்களுக்கு ஐந்து மழைமானிகள் உண்டு. அதில் ஒன்றைப் பார்ப்பவர் ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர். காலை 8.30க்கு அளந்து கொப்பியில் எழுதுவார், பின்னேரம் அவருடைய பேரப்பிள்ளை படம் எடுத்து அனுப்பும், நான் தட்டச்சு செய்து ஏற்றுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன், மார்கழி முதல் கிழமை. வெங்காயம் நட்டு இரண்டு கிழமை ஆன தோட்டங்கள். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் புரோகிராம் தோட்டக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது: கடைசி மூன்று நாளில் மழை 2.2 மி.மீ., தண்ணீர் இறைக்கலாம். பத்து நிமிடத்தில் ஒரு ஐயா எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, நீர் யாழ்ப்பாணத்திலதான் இருக்கிறீரோ? இஞ்ச பாத்திக்குள்ள கணுக்கால் தண்ணி நிக்குது."

விதி எளிமையானது. கடைசி மூன்று நாள் மழை 5 மி.மீ.க்குக் குறைவாகவும், நாளைய முன்னறிவிப்பு 10 மி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால் இறைக்கச் சொல்லும். முன்னறிவிப்பு 8 என்றது, அது பரவாயில்லை. கொப்பியைப் பார்த்தேன். வெள்ளி வெறுமை, சனி 2.2, ஞாயிறு ஒரு சின்னக் கோடு. அடுத்த நாள் திங்கள் 71.4.

மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். "மழை பெய்யாட்டி நான் ஒண்டும் எழுதிறேல்லத் தம்பி. நான் வீட்டில இல்லாட்டித்தான் கோடு போடுவன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனா எப்பிடி அளக்கிறது?"

அப்போதுதான் விளங்கியது. என்னுடைய புரோகிராம் வெறுமையை NULL ஆகவும் கோட்டை 0 ஆகவும் எடுத்துக்கொண்டிருந்தது. உண்மை நேரெதிர். மழையில்லாத நாளைத் தெரியாத நாளாக்கி, தெரியாத நாளை மழையில்லாத நாளாக்கி ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். மாஸ்டர் தன் முறையிலிருந்து ஒரு நாளும் வழுவவில்லை. கேட்காமல் விட்டது நான்.

இந்தப் பிழை உங்களிடமும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மழைக்காலப் பதிவுகளைக் கிழமை நாள் வாரியாகக் கூட்டிப் பாருங்கள். வானத்துக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. ஞாயிறு வறண்டு, திங்கள் மற்ற நாட்களைவிட இரட்டிப்பாக இருந்தால் பெய்தது திங்களில் இல்லை, அளந்ததுதான் திங்களில். எங்கள் ஐந்து மானிகளில் மூன்றில் அப்படித்தான் இருந்தது.

சரி, கோட்டை NULL ஆக்கினேன், தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. SUM என்பது NULL ஐச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். மூன்று நாளில் ஒரு நாள் தெரியாவிட்டாலும் அதே 2.2 தான் வரும், அதே குறுஞ்செய்திதான் போகும். அதோடு திங்கட்கிழமையின் 71.4 ஐ ஒரே நாள் மழை என்று எடுத்து, 50 மி.மீ. தாண்டினால் போகும் கனமழை எச்சரிக்கையும் கிளம்பிவிடும். அது இரண்டு நாள் தண்ணீர்.

கடைசியில் திகதி என்ற நிரலையே தூக்கிவிட்டேன். ஒரு பதிவு எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரைக்கும் என்று எழுதினேன்:

```sql
CREATE TABLE rain_obs (
  gauge_id     INTEGER NOT NULL,
  period_start TIMESTAMPTZ NOT NULL,
  period_end   TIMESTAMPTZ NOT NULL,
  mm           NUMERIC(5,1) NOT NULL,
  raw_text     TEXT
);
```

மாஸ்டரின் திங்கட்கிழமைப் பதிவு இப்போது சனி 8.30 இலிருந்து திங்கள் 8.30 வரை, 48 மணித்தியாலம், 71.4. கோட்டுக்குப் பதிவே கிடையாது. வெறுமை 24 மணித்தியாலத்துக்கு 0. கொப்பியில் இருந்தது இருந்தபடியே raw_text இல் கிடக்கும், அடுத்த முறை நான் பிழையாக விளங்கிக்கொண்டால் திரும்பிப் பார்க்க. ஆலோசனை விதி மழையைக் கூட்டுமுன் மணித்தியாலங்களைக் கூட்டும். 72 வராவிட்டால் இறைக்கச் சொல்லாது. "மழை அளவு கிடைக்கவில்லை, மண்ணைக் கிண்டிப் பார்த்து இறைக்கவும்" என்று மட்டும் போகும். இந்தச் செய்திக்கு இதுவரை ஒருவரும் ஏசவில்லை.

நாள் வாரியாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஓபன்-மீட்டியோவின் மணிவாரி மழையைப் பங்கு பிரிக்க மட்டும் எடுக்கிறேன். இங்கேதான் எதிர்பாராத ஒரு சந்தோஷம். எங்கள் காலை 8.30 என்பது சரியாக 03:00 UTC. நேரத்தை GMT இல் கேட்டால் அரை மணித்தியாலச் சிக்கல் இல்லை:

```
https://api.open-meteo.com/v1/forecast?latitude=9.74&longitude=80.03&hourly=precipitation&past_days=7&timezone=GMT
```

ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தைய ஒரு மணித்தியால மழை. ஆகவே 04:00 இலிருந்து மறுநாள் 03:00 வரையான 24 எண்களைக் கூட்டினால் மாஸ்டரின் ஒரு நாள். `precipitation_sum` எடுத்தால் அது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு; கொப்பியோடு ஒருநாளும் ஒத்துவராது. அந்த மார்கழிக்குக் கணக்குப் போட்டபோது ஓபன்-மீட்டியோவின் வானிலை மாதிரி முதல் நாளுக்கு 31, இரண்டாம் நாளுக்கு 9 என்றது. மொத்தம் 40, அளந்தது 71.4. அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் 31க்கு 9 என்ற விகிதத்தில் பிரித்தால் 55.3, 16.1. கூட்டினால் மாஸ்டரின் 71.4 தான் வரும். பிரித்த எண்கள் வேறு அட்டவணையில், மதிப்பீடு என்ற அடையாளத்தோடு இருக்கும். மாதிரி இரண்டு நாளும் 0 என்றால் பிரிக்கவே மாட்டேன்.

மாதிரி எண்ணை அப்படியே வெறுமைக்குள் போடலாமே என்று நண்பன் கேட்பான், தெரியும். போடாதே. சுன்னாகத்தில் கொட்டும்போது கோப்பாயில் வெயில் எறிக்கும் ஊர் இது. மாதிரியின் கட்டங்கள் கிலோமீற்றர் கணக்கில் அகலமானவை, எங்கள் ஐந்து மானிக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். அப்படி நிரப்பினால் மானி ஐந்தும் ஒன்றாகிவிடும், பிறகு மாஸ்டர் எதற்கு?

முன்னறிவிப்பிலும் விடுபடும் நாள் உண்டு. கரண்ட் நின்றால் எங்கள் சேவர் நிற்கும், அன்றைய அழைப்பு போகாது. அந்த இடத்தை, கடந்த நாட்களைத் தரும் `past_days` ஆல் நிரப்பினேன், வெட்கத்தோடு சொல்கிறேன். அது தருவது அன்று காலை எங்களுக்குச் சொல்லியிருக்கக்கூடிய எண்ணை அல்ல, மாதிரியைப் பிறகு ஓட்டியபோது வந்த எண்ணை. மாத முடிவில் முன்னறிவிப்பு எவ்வளவு சரி என்று பார்த்தபோது கரண்ட் நின்ற நாட்களில்தான் மிகச் சரியாக இருந்தது! இப்போது முன்னறிவிப்பை எடுத்த நேரமும் அது குறிவைத்த நேரமும் இரண்டு நிரலில். எடுக்காத நாள் எடுக்காத நாள்தான்.

ஆக, நண்பனுக்கு: ஓபன்-மீட்டியோவை எடு, நல்லது, காசும் வேண்டாம். ஆனால் இன்றைக்கு என்னிடம் கேட்டால், முதலில் ஒரு தகர மழைமானியும் ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் வாங்கு, அளப்பவரோடு ஒரு பிளேன்ரீ குடித்து, கோட்டுக்கும் வெறுமைக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதிக்கொள். நான் மாஸ்டருக்கு இப்போது கட்டம் அடித்த தாள் கொடுத்திருக்கிறேன், மழையில்லை என்றால் 0 எழுதச் சொல்லி. எழுதுகிறார். நேற்று வந்த படத்தில் ஒரு கட்டத்துக்குள் 0 போட்டு, அதன் மேலே ஒரு கோடும் இழுத்திருந்தார். நான் இன்னும் அவருக்குப் போன் எடுத்துக் கேட்கவில்லை.